டெலிவரிச் செய்தியை ஆஃபர் கூட்டத்தில் தொலைக்காதீர்கள்

ஷாப்பிங் செயலிகளுக்கு நோட்டிஃபிகேஷன் எழுதுகிறவர்களே, அதை யாருக்கு எப்போது அனுப்புவது என்று தீர்மானிக்கிறவர்களே,

உங்களிடமிருந்து எங்கள் போனுக்கு இரண்டு வகைச் செய்திகள் வருகின்றன. நாங்கள் வாங்கிவிட்ட பொருள் எங்கே இருக்கிறது, எப்போது வரும், எவ்வளவு பணம் தயாராக வைத்திருக்க வேண்டும் என்று சொல்வது ஒரு வகை. நாங்கள் இன்னும் எதை வாங்க வேண்டும் என்று நீங்கள் ஆசைப்படுகிறீர்களோ அதைச் சொல்வது இன்னொரு வகை. முதல் வகைக்காகத்தான் நாங்கள் அனுமதி கொடுத்தோம். ஆனால் நாள் முழுக்க வந்துகொண்டிருப்பது இரண்டாம் வகை. இரண்டும் ஒரே சத்தத்தோடு, ஒரே லோகோவோடு, ஒரே இடத்தில் வந்து உட்காருகின்றன. தொல்லை தாங்காமல் ஒருவர் இரண்டாவதை அணைக்கும்போது முதலாவதும் சேர்ந்தே அணைந்துபோகிறது. அந்த நஷ்டம் அவருக்கு மட்டும் இல்லை, உங்களுக்கும்தான் என்பதை உங்கள் கணக்கை வைத்தே காட்டுவதற்காக இந்த மடலை எழுதுகிறேன்.

ஒரு வாடிக்கையாளரைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். திண்டுக்கல்லில் வேலைக்குப் போகும் ஒரு பெண். திங்கள் இரவு ஒன்பது மணிக்கு 1,450 ரூபாய் விலையுள்ள மிக்ஸி ஜார் ஒன்றைக் கார்ட்டில் போடுகிறார். தன் வீட்டு மிக்ஸிக்கு அது பொருந்துமா என்று தெரியாததால் வாங்காமல் வெளியே வருகிறார். அரை மணி நேரத்தில் 'உங்கள் கார்ட் உங்களுக்காகக் காத்திருக்கிறது' என்று வருகிறது. மறுநாள் காலை எட்டு மணிக்கு, அடுப்படியில் இருக்கும் நேரத்தில், 'ஜாரை மறந்துவிட்டீர்களா?' என்று வருகிறது. மதியம் அவரே மிக்ஸியின் மாடல் எண்ணைப் பார்த்து உறுதிசெய்துகொண்டு, கேஷ் ஆன் டெலிவரியில் ஆர்டர் போட்டுவிடுகிறார். அன்று மாலை மறுபடியும் 'ஜாரை மறந்துவிட்டீர்களா?' என்று வருகிறது. காரணம், யாருக்கெல்லாம் அனுப்ப வேண்டும் என்ற பட்டியலைக் காலையிலேயே எடுத்துவைத்துவிட்டார்கள். புதன்கிழமை சேலைக்கு ஓர் ஆஃபர், இயர்போனுக்கு ஓர் ஆஃபர், 'இன்னும் சில மணி நேரம்தான்' என்று ஒரு மிரட்டல். செட்டிங்ஸுக்குள் போய் அந்தச் செயலியின் நோட்டிஃபிகேஷனை மொத்தமாக அணைத்துவிடுகிறார். வியாழக்கிழமை ஜார் டெலிவரிக்குப் புறப்படுகிறது. 'இன்று 2 முதல் 4 மணிக்குள் வரும், 1,450 ரூபாய் ரொக்கம் தயாராக வைத்திருக்கவும்' என்ற செய்தியை நீங்கள் அனுப்புகிறீர்கள். அவர் போனில் அது தெரியவே இல்லை. டெலிவரிக்கு வந்தவர் அழைக்கும்போது அவர் வேலையில் இருக்கிறார், தெரியாத எண் என்று எடுக்கவில்லை. 'வாடிக்கையாளர் இல்லை' என்று குறித்துவிட்டுப் பார்சல் ஹப்புக்குத் திரும்பிப் போகிறது. இரண்டு முறை இப்படி நடந்தால் ஆர்டரே ரத்தாகிவிடும். போக, வர ஆன வண்டிச் செலவு உங்களுடையது. விற்றுமுடிந்த ஒரு பொருளை, விற்பதற்காக அனுப்பிய செய்திகளாலேயே இழந்துவிட்டீர்கள்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. உங்கள் அலுவலகத் திரையில் இந்தக் கதை வெற்றியாகத்தான் தெரியும். செவ்வாய் காலை நோட்டிஃபிகேஷன் போனது, அன்று மதியம் அவர் வாங்கினார், ஆகவே அந்த நோட்டிஃபிகேஷன்தான் விற்றுக்கொடுத்தது என்று கணக்கில் ஏறிவிடும். மாடல் எண்ணைப் பார்த்ததால்தான் வாங்கினார் என்பது அங்கே பதிவாகாது. வியாழக்கிழமை பார்சல் திரும்பியது டெலிவரிப் பிரிவின் கணக்கில் விழும். புதன்கிழமை அவர் அணைத்ததை யாருமே எடுத்துப் பார்த்திருக்க மாட்டார்கள்.

அவருக்கு நினைவூட்டல் ஒன்றுகூடத் தேவையில்லையா என்று நீங்கள் கேட்கலாம். தேவைப்படும் சந்தர்ப்பம் உண்டு. கார்ட்டில் போட்டதை யாரும் அவ்வளவு எளிதில் மறப்பதில்லை. விலை கூடுதலாகத் தெரிந்திருக்கும், டெலிவரித் தேதி தள்ளி இருந்திருக்கும், தன் பின்கோடுக்கு வராது என்று காட்டியிருக்கும், அல்லது இவரைப் போலப் பொருந்துமா என்ற சந்தேகம் இருந்திருக்கும். இவற்றில் ஒன்று மாறியிருந்தால் அதைச் சொல்வது உதவி. எதுவும் மாறாதபோது கார்ட்டை நினைவூட்டுவது நச்சரிப்பு. நான் வைக்கும் அளவுகோல் இவ்வளவுதான்: கடைசியாக அவர் அந்தப் பொருளைப் பார்த்ததற்குப் பிறகு அதைப் பற்றிய எந்த உண்மை மாறியது? பதில் இருந்தால் அந்தப் பதிலையே செய்தியாக எழுதுங்கள். 'விலை 160 ரூபாய் குறைந்தது: 1.5 லிட்டர் மிக்ஸி ஜார், இப்போது 1,290' என்பது செய்தி. அதை ஒருமுறை அனுப்பினால் போதும். பட்டியல் எடுத்த நேரத்தில் பார்த்தது போதாது. அனுப்பும் அந்த நிமிடத்தில், இவர் ஏற்கெனவே வாங்கிவிட்டாரா, ஸ்டாக் இருக்கிறதா, இவர் பின்கோடுக்கு டெலிவரி உண்டா என்று ஒருமுறை சரிபார்த்துவிட்டு அனுப்புங்கள். தொட்டால் அந்த ஜார் இருக்கும் பக்கம் திறக்க வேண்டும். செயலியின் முகப்பில் கொண்டுபோய் விட்டு, நடுவில் நான்கு ஆஃபர் படங்களைக் காட்டினால், அடுத்த முறை உண்மையான விலைக் குறைப்பைக்கூட அவர் நம்பித் தொட மாட்டார்.

மாறாத ஒன்றை மாறியதுபோல் காட்டுவது இன்னும் மோசம். 'இரண்டே இரண்டுதான் மீதம்' என்று கிடங்கில் நூறு இருக்கும்போது எழுதுவதும், நள்ளிரவில் முடியும் என்று சொன்ன ஆஃபரை மறுநாள் காலை அதே விலையில் நீட்டிப்பதும் சாமர்த்தியமாக எண்ணப்படுகின்றன. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பர் 30 அன்று வெளியிட்ட வழிகாட்டு நெறிமுறைகள், நுகர்வோரை ஏமாற்றும் 13 வகை உத்திகளைப் பெயர் சொல்லிப் பட்டியலிட்டிருக்கின்றன. பொய்யான அவசரம் அதில் ஒன்று. திரும்பத் திரும்பக் குறுக்கிட்டு நச்சரிப்பதும் அதில் தனியாக ஒன்று. நோட்டிஃபிகேஷனை இயக்கச் சொல்லி, 'வேண்டாம்' என்று சொல்ல வழி தராமல் கேட்டுக்கொண்டே இருப்பதை அந்த நெறிமுறைகளே எடுத்துக்காட்டாகக் குறிப்பிடுகின்றன. எனவே நான் கேட்பது நாகரிகம் சார்ந்த சலுகை மட்டும் இல்லை, உங்கள் சட்டப் பிரிவும் கேட்க வேண்டியது.

இரண்டு வகைச் செய்திகளையும் பிரித்துவைக்கும் வசதி உங்கள் கையில் ஏற்கெனவே இருக்கிறது. 2017இல் வந்த ஆண்ட்ராய்டு 8 முதல் ஒவ்வொரு செயலியும் தன் நோட்டிஃபிகேஷன்களைச் சேனல்களாகப் பிரிக்க வேண்டும். பயனர் ஒரு சேனலை அணைத்து இன்னொன்றை வைத்துக்கொள்ளலாம். ஒரு சேனலை அவர் ஒருமுறை அடக்கிவைத்தால், செயலியால் அதன் முக்கியத்துவத்தைத் திரும்ப உயர்த்த முடியாது. 2022இல் வந்த ஆண்ட்ராய்டு 13 முதல், ஐபோனில் முன்பிருந்தே இருப்பதைப் போல, நோட்டிஃபிகேஷன் அனுப்பவே முதலில் அனுமதி கேட்க வேண்டும். ஆப்பிளின் விதி ஒரு படி மேலே போகிறது: விளம்பர நோட்டிஃபிகேஷனுக்குப் பயனர் வெளிப்படையாகச் சம்மதித்திருக்க வேண்டும், நிறுத்திக்கொள்ளச் செயலிக்குள்ளேயே வழி இருக்க வேண்டும். இவ்வளவும் இருந்தும் எத்தனையோ ஷாப்பிங் செயலிகளில் 'பொது' என்று ஒரே ஒரு சேனல்தான் இருக்கிறது. சிலர் பெயருக்கு மூன்று சேனல் வைத்துவிட்டு, ஆஃபரை 'ஆர்டர் தகவல்' சேனலில் அனுப்புகிறார்கள். இன்னும் சிலர், பயனர் அணைத்த சேனலைக் கைவிட்டு அடுத்த அப்டேட்டில் வேறு பெயரில் புதிதாக ஒன்றைத் திறக்கிறார்கள். வேண்டாம் என்று ஒருவர் சொன்ன பிறகு பின்வாசல் வழியாக நுழைவதை நான் வேறு எந்தப் பெயராலும் அழைக்க முடியாது, அது ஏமாற்று. அதைச் செய்யச் சொல்லி உங்களிடம் யாராவது கேட்டால் மறுத்துவிடுங்கள்.

நேரம் என்பதும் அனுப்பும் நேரத்தோடு முடிந்துவிடுவதில்லை, போய்ச் சேரும் நேரம்தான் கணக்கு. மாலை ஆறு மணிக்கு 'இரண்டு மணி நேர ஆஃபர்' என்று அனுப்புகிறீர்கள். அந்த நேரம் ஒருவர் பேருந்தில் நெட் இல்லாமல் போகிறார், அல்லது டேட்டாவை அணைத்துவைத்திருக்கிறார். கூகுளின் எஃப்.சி.எம். வழியாக அனுப்பும்போது ஆயுளைக் குறிப்பிடாமல் விட்டால், அந்தச் செய்தி நான்கு வாரம் வரை காத்திருந்து, போன் நெட்டுக்கு வந்ததும் போய்ச் சேரும். முடிந்துபோன ஆஃபர் மறுநாள் காலையில் வந்து எழுப்புவது இப்படித்தான். 'டெலிவரி இன்று மதியம்' என்பது அடுத்த நாள் வந்து குழப்புவதும் இப்படித்தான். இதைத் தடுக்கச் சில வரிகள் போதும்:

```json
"android": {
  "ttl": "7200s",
  "notification": {
    "channel_id": "delivery",
    "tag": "order_jar"
  }
}
```

`ttl` என்பது ஆயுள். இங்கே இரண்டு மணி நேரம், அதற்குள் சேராவிட்டால் செய்தி தானாகக் கைவிடப்படும். `channel_id` அது எந்தச் சேனலில் போக வேண்டும் என்று சொல்கிறது. `tag` என்பது ஆர்டருக்கு ஓர் அடையாளம். அதே அடையாளத்தோடு புதிய செய்தி வந்தால், பழையது இருந்த இடத்தில் புதியது உட்காரும். 'பேக் செய்தாயிற்று', 'புறப்பட்டது', 'உங்கள் ஊருக்கு வந்தது', 'இன்று வரும்' என்று ஒரே ஜாருக்கு நான்கு செய்திகள் அடுக்காக நிற்காமல், கடைசி நிலவரம் மட்டும் ஒரு வரியாக நிற்கும். அந்த நான்கில் சத்தம் போட வேண்டியது 'இன்று வரும்' என்பது ஒன்றுதான். மற்றவை சத்தமில்லாமல் மாறிக்கொண்டிருக்கட்டும். தாமதம் ஏற்பட்டால் மட்டும் உடனே, சத்தத்தோடு சொல்லுங்கள். காத்திருப்பவர் மாலை ஏழு மணிக்குத் தானே செயலியைத் திறந்து 'நாளை' என்று தெரிந்துகொள்வதைவிட, காலையிலேயே நீங்கள் சொல்லிவிட்டால் அவர் தன் நாளை மாற்றி அமைத்துக்கொள்வார்.

தமிழில் எழுதுகிறவர்களிடம் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். சுருக்கிய நிலையில் நோட்டிஃபிகேஷன் பெரும்பாலும் ஒரு வரிதான் தெரியும், மிச்சம் வெட்டுப்படும். ஆங்கிலத்தில் எழுதியதை அப்படியே மொழிபெயர்த்து அனுப்பினால் தமிழில் அது இன்னும் சீக்கிரம் வெட்டுப்படுகிறது, ஏனென்றால் நம் எழுத்து அகலமானது. அதைவிடப் பெரிய சிக்கல், நம் வாக்கியத்தில் வினைமுற்று கடைசியில் வருகிறது. 'வணக்கம்! நீங்கள் ஆர்டர் செய்த மிக்ஸி ஜார் இன்று டெலிவரி செய்யப்ப…' என்று நின்றுவிட்டால், செய்யப்படுமா, செய்யப்படாதா? உண்டு, இல்லை என்ற முழுச் செய்தியும் வெட்டுப்பட்ட பகுதியில் போய்விட்டது. வீட்டில் காத்திருப்பதா வெளியே போவதா என்று முடிவெடுக்க வேண்டியவருக்கு அந்த ஒரு சொல்தான் வேண்டும். ஆகவே முடிவை முன்னால் போடுங்கள். 'நாளைக்குத் தள்ளிப்போனது: மிக்ஸி ஜார்' என்று எழுதுங்கள். 'இன்று 2-4 மணி: மிக்ஸி ஜார், ரொக்கம் ரூ.1,450' என்று எழுதுங்கள். வணக்கமும் வாடிக்கையாளரின் பெயரும் வேண்டாம், அவர் பெயர் அவருக்குத் தெரியும். அந்த இடத்தில் பொருளின் பெயர் வரட்டும். ஒரே வாரத்தில் இரண்டு மூன்று பார்சல்களுக்குக் காத்திருப்பவருக்கு 'உங்கள் ஆர்டர்' என்பது ஒன்றும் சொல்வதில்லை. எழுதி முடித்ததும் சாதாரண விலை போன் ஒன்றில், எழுத்தளவைப் பெரிதாக்கிவைத்துப் பாருங்கள். வயதானவர்களின் போன் அப்படித்தான் இருக்கும்.

இனி உங்கள் தரப்பு. நோட்டிஃபிகேஷனைக் குறைத்தால் விற்பனை விழும் என்பீர்கள். அனுப்பிய நாளில் விற்பனை ஏறுவதை நீங்கள் கண்ணால் பார்ப்பதால் அந்தப் பயம் இயல்பானது. ஆனால் அந்த ஏற்றத்தில் எவ்வளவு நோட்டிஃபிகேஷனால் வந்தது என்பதை அறிய வழி ஒன்றுதான்: ஒரு பகுதியினரைச் சீட்டுக்குலுக்கல் போலத் தேர்ந்தெடுத்து, அவர்களுக்கு மட்டும் அனுப்பாமல் விட்டுப் பாருங்கள். ஒரு கணக்குக்காக வைத்துக்கொள்வோம். ஒரு லட்சம் பேருக்கு அனுப்பினீர்கள், 300 பேர் வாங்கினார்கள். அனுப்பாமல் விட்ட கூட்டத்திலும், அதே ஒரு லட்சத்துக்குக் கணக்கிட்டால், 260 பேர் தாமாக வந்து வாங்கியிருக்கிறார்கள். அப்படியானால் நீங்கள் ஈட்டியது 300 விற்பனை இல்லை, 40தான். அதே நாளில் 500 பேர் நோட்டிஃபிகேஷனை அணைத்திருந்தால், 40 விற்பனைக்கு விலையாக, 500 பேருடைய போனுக்குப் போகும் வழியை இழந்திருக்கிறீர்கள். இனி அவர்களுக்கு டெலிவரிச் செய்தியும் போகாது. எண்கள் உங்கள் நிறுவனத்துக்கு வேறாக இருக்கலாம், நாற்பதுக்குப் பதில் இருநூறாகவும் இருக்கலாம். அப்படியானால் அந்த வகைச் செய்தியைத் தாராளமாக அனுப்புங்கள், எனக்கு வாதம் இல்லை. அளக்காமல் அனுப்புவதைத்தான் எதிர்க்கிறேன். அணைத்தவர்களை எண்ணுவது கடினமும் இல்லை. நோட்டிஃபிகேஷன் இயக்கத்தில் இருக்கிறதா, எந்தச் சேனல் அணைக்கப்பட்டிருக்கிறது என்பதைச் செயலி ஒவ்வொரு முறை திறக்கும்போதும் கேட்டு அறியலாம். செயலியையே நீக்கிவிட்டவர்களின் முகவரிக்கு அனுப்பும்போது, அது பதிவில் இல்லை என்று சர்வரிலிருந்து பிழைச் செய்தி திரும்பி வரும். இந்த இரண்டு எண்ணிக்கையையும் விற்பனை எண்ணுக்குப் பக்கத்திலேயே, அதே திரையில், அதே அளவு எழுத்தில் போடுங்கள். நினைவிருக்கட்டும், தொல்லையின் விலை அனுப்பிய நாளிலேயே முழுதாகத் தெரியாது. சில வாரங்கள் தொடர்ந்து பார்த்தால்தான் தெரியும்.

போட்டிக் கடைகள் அனுப்பும்போது நாங்கள் மட்டும் சும்மா இருக்க முடியுமா என்பது அடுத்த கேள்வி. ஆடித் தள்ளுபடிக் காலத்தையும் தீபாவளிக்கு முந்தைய வாரங்களையும் பாருங்கள். எல்லாச் செயலியும் ஒரே நாளில் ஒரே தொனியில் கூவுகின்றன. அந்தக் கூட்டத்தில் இருபதாவது குரலாக இருப்பதால் எந்தப் பலனும் இல்லை, வாடிக்கையாளர் மொத்தமாகத் தள்ளிவிட்டுப் போகிறார். அன்றைக்கு அவர் நின்று படிப்பது, அவர் பார்த்துவைத்த பொருளைப் பற்றிச் சொல்லும் ஒரு வரியைத்தான். பிடிக்காவிட்டால் அவரே அணைத்துக்கொள்ளலாமே என்று சொல்கிறவர்களுக்கு, அவர் அணைத்தால் எது எது சேர்ந்து போகிறது என்பதைத் திண்டுக்கல் கணக்கில் பார்த்தோம். வேடிக்கையாக எழுதினால் மக்கள் ரசிக்கிறார்களே என்பதையும் கேட்டிருக்கிறேன். நல்ல நகைச்சுவைக்கு நான் எதிரி இல்லை. ஆனால் தவறிய அழைப்பு வந்ததுபோல் போலியாகக் காட்டுவது, வங்கிச் செய்திபோல் 'உங்கள் கணக்கில் ரூ.200' என்று தொடங்கிக் கூப்பனில் முடிப்பது, 'உங்கள் ஆர்டர் பற்றி ஒரு முக்கியத் தகவல்' என்று விளம்பரத்தை நீட்டுவது நகைச்சுவையில் சேராது. மருத்துவமனையிலிருந்தோ ஊரிலிருந்தோ அழைப்புக்காகக் காத்திருப்பவரின் கையில்தான் அந்தப் போலி அழைப்பும் போய் விழுகிறது. மேலும், இணைய மோசடிக்காரர்கள் பயன்படுத்துவதும் இதே உத்திகளைத்தான். உங்கள் லோகோவோடு அவற்றைப் பழக்கிவிட்டால், நாளை மோசடிச் செய்தியை வாடிக்கையாளர் எப்படிப் பிரித்தறிவார்?

இவ்வளவும் எழுதுகிற ஒருவர் கையில் மட்டும் இல்லை என்பது எனக்குத் தெரியும். ஃபேஷன் பிரிவுக்கு ஓர் இலக்கு, மளிகைப் பிரிவுக்கு ஓர் இலக்கு, பேமென்ட் வாலட்டுக்கு ஓர் இலக்கு. ஒவ்வொருவரும் நாளுக்கு ஒன்றுதான் அனுப்புகிறோம் என்று நியாயமாகவே சொல்வார்கள். வாடிக்கையாளருக்கு அவை எல்லாம் சேர்ந்து ஐந்தாகவோ ஆறாகவோ வந்து விழுகின்றன. அனுமதி என்பது ஊர்ப் பொதுக்கிணறு. ஆளுக்கொரு குடம்தானே என்று எல்லோரும் இறைத்தால் கோடையில் யாருக்கும் தண்ணீர் இருக்காது. அதனால் உச்சவரம்பைப் பிரிவுக்கு வைக்காதீர்கள், வாடிக்கையாளருக்கு வையுங்கள். எல்லாப் பிரிவும் சேர்ந்து ஒருவருக்கு வாரத்தில் இத்தனை ஆஃபர்தான் என்று ஓர் எண்ணை முடிவு செய்து, அதை மென்பொருளே காக்கட்டும். யாருடைய செய்தி முக்கியம் என்ற சண்டை உங்கள் கூட்ட அறையில் நடக்கட்டும். அதை எங்கள் போனில் நடத்தாதீர்கள்.

உங்களிடம் நான் கேட்பது இது. அடுத்த அப்டேட்டிலேயே டெலிவரிக்குத் தனிச் சேனல் வையுங்கள், அதில் ஒரு விளம்பரமும் ஏறாமல் காவல் போடுங்கள். ஆஃபருக்கான சேனலை, சம்மதம் கேட்டுப் பெற்ற பிறகு மட்டும் இயக்குங்கள். கேட்கும் நேரத்தையும் யோசியுங்கள்: செயலியை முதன்முதலில் திறந்ததுமே கேட்காமல், முதல் ஆர்டர் போட்டு முடித்ததும், 'டெலிவரி வரும்போது சொல்லட்டுமா?' என்று கேளுங்கள். அப்போது அநேகமாக எல்லோரும் சம்மதிப்பார்கள், எதற்குச் சம்மதித்தோம் என்றும் அவர்களுக்குத் தெரிந்திருக்கும். 'இந்தப் பொருளின் விலை குறைந்தால் சொல்லட்டுமா?' என்பதை அந்தப் பொருளின் பக்கத்திலேயே கேளுங்கள். அனுப்பாமல் விட்டுப் பார்க்கும் சோதனையை ஒரு மாதம் நடத்துங்கள். அதன் முடிவு உங்கள் மேலாளருக்குப் பிடிக்காவிட்டாலும் அவர் மேசையில் வையுங்கள். முதல் வேலையாக, இன்று மாலை அனுப்பக் காத்திருக்கும் பட்டியலைத் திறந்து, மதியமே வாங்கிவிட்டவர்களின் பெயரை அதிலிருந்து எடுத்துவிடுங்கள்.